தள்ளுபடி எதற்கு, கட்டுவது எதை: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு பேச்சு

இது 2025 மார்ச்சுக்கு முன்பு வந்த கேள்வியும் அதற்கு எழுதிய பதிலும். இதில் சொல்லும் திட்டத்தின் கெடு எல்லாம் 2025இலேயே முடிந்துவிட்டது.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். ஜிஎஸ்டி பழைய பாக்கிக்குப் புதுசாக வந்திருக்கும் தள்ளுபடித் திட்டத்தைப் பற்றி வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசச் சொல்லிவிட்டார்கள். சுற்றறிக்கையை எடுத்துப் படித்தேன், எனக்கே தலை சுற்றியது. வருகிறவர்கள் துணிக்கடை, பாத்திரக்கடை, டெய்லரிங் யூனிட் நடத்துகிறவர்கள். நம்ம பேச்சில் சொன்னால்தான் ஏறும். என்ன சொல்லட்டும், எதை விடட்டும் சார்?

பதில்: விட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. 128ஏ பிரிவு, 164ஆம் விதி, அறிவிக்கை எண், ஜிஎஸ்டி கவுன்சிலின் 53ஆவது கூட்டம், இதில் ஒன்றுகூட மேடையில் வேண்டாம். அதெல்லாம் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு. கூட்டத்துக்கு வருகிறவர் வீட்டுக்குப் போய் ஒரு காகிதத்தைத் தேடி எடுக்க வேண்டும், அதில் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த அளவுக்குப் பேச்சு இருந்தால் போதும்.

அடுத்தது, பேச்சின் முதல் வாக்கியம். 2024 டிசம்பரில் பெரம்பூர்ப் பக்கம் ஒரு சங்கத்தில் நானே பேசினேன். ‘அரசாங்கம் ஒரு நல்ல தள்ளுபடித் திட்டம் கொண்டு வந்திருக்கு’ என்று ஆரம்பித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. அதன் பிறகு இருபது நிமிஷம் நான் சொன்னது எதுவும் யார் காதிலும் விழவில்லை என்பது ஜனவரியில்தான் தெரிந்தது. பாத்திரக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்து, “சார், தள்ளுபடி ஆயிடுச்சுன்னு சொன்னீங்க, இன்னும் பாக்கின்னே காட்டுதே” என்றார். அவர் ஒரு ரூபாய் கட்டவில்லை, ஒரு மனுவும் போடவில்லை. அவர் மேல் தப்பில்லை. 2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பழைய வாட், விற்பனை வரி நிலுவைக்கு ஒரு சமாதானத் திட்டம் கொண்டு வந்தது நினைவிருக்கும். அதில் ஓர் ஆண்டுக்கான நிலுவை 50,000 ரூபாய்க்குள் இருந்தால் வரி, வட்டி, அபராதம் மொத்தமும் தள்ளுபடி. அவர் மனதில் அதுதான் இருந்தது. உங்கள் தெருவிலும் அதில் பயன்பட்டவர்கள் இருப்பார்கள். ஆகவே ‘வரி தள்ளுபடி இல்லை’ என்பதே உங்கள் வாயிலிருந்து வரும் முதல் செய்தியாக இருக்கட்டும். கைதட்டல் கிடைக்காது, பரவாயில்லை.

பேச்சைக் கீழே எழுதியிருக்கிறேன். நிதானமாகப் படித்தால் ஆறேழு நிமிஷம் வரும். மிச்ச நேரத்தைக் கேள்விக்கு விடுங்கள்.

---

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆபீசரும் இல்ல, ஆடிட்டரும் இல்ல. உங்கள மாதிரி கல்லாவுல உக்காந்திருக்கறவதான். அதனால எனக்குப் புரிஞ்ச மாதிரியே சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு. வரி தள்ளுபடி கெடையாது. வரிய முழுசா கட்டியே ஆகணும். அதுக்கு மேல ஏறி உக்காந்துட்டு இருக்கே வட்டி, அபராதம், அது ரெண்டும்தான் தள்ளுபடி. இத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு மிச்சத்தக் கேளுங்க. அந்தப் பழைய வாட் பாக்கித் திட்டம் வேற, இது வேற.

இது எந்தக் காலத்துக் கணக்குக்கு? ஜிஎஸ்டி வந்துச்சே 2017 ஜூலை, அதுலேர்ந்து, கொரோனாவுக்கு லாக்டவுன் போட்டு நாமெல்லாம் ஷட்டர எறக்கினமே அந்த 2020 மார்ச் முடியற வரைக்கும். அந்த மூணு கணக்கு வருஷத்துக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் வந்த வருஷத்துக்கு நோட்டீஸ் வந்திருந்தா இதுல சேராது.

இப்ப எல்லாரும் ஒரு பேப்பரத் தேடணும். அது பேரு DRC-07. பாக்கி இவ்வளவுன்னு ஆபீசர் முடிவு பண்ணி அனுப்புற ஆர்டரோட சுருக்கம் அது. அதுல ரெண்டு எடத்தப் பாருங்க. ஒண்ணு, எந்த வருஷம். இன்னொண்ணு, எந்த செக்ஷன். அங்க 73ன்னு போட்டிருந்தா இந்தத் திட்டம் உங்களுக்குத்தான். கணக்குல தப்பு, கொறச்சலா கட்டிட்டீங்க, இன்புட் கிரெடிட் அதிகமா எடுத்துட்டீங்க, அதுக்குப் போடறது 73. 74ன்னு இருந்தா, வேணும்னே ஏமாத்தினீங்கன்னு சொல்றாங்கன்னு அர்த்தம். அதுக்கு இந்தத் தள்ளுபடி இல்ல. அவங்க தனியா ஆடிட்டரப் பாருங்க.

எனக்கு அப்படி ஒரு பேப்பரே வரலியேன்னு சில பேரு சொல்வீங்க. தபால்ல வரணும்னு இல்லீங்க. நெறைய பேருக்கு அது ஜிஎஸ்டி போர்ட்டல்லயே போட்டு வெச்சிருக்கு, நாமதான் பாக்கல. பேங்க்ல கணக்க முடக்கினதுக்கு அப்புறம்தான் ஆர்டர் இருக்கறதே தெரிஞ்சுதுன்னு சொல்றவங்க எத்தன பேர். அதனால வரலன்னு நெனச்சுட்டு இருக்காதீங்க, லாகின் பண்ணிப் பாருங்க.

இப்ப ஒரு கணக்குப் பாக்கலாம். நம்ம எம்.சி. ரோட்டுல ஒரு ரெடிமேட் கடைன்னு வெச்சுக்குங்க. 2018-19ஆம் வருஷம். இன்புட் கிரெடிட் அதிகமா எடுத்துட்டேன்னு சொல்லி ஆர்டர். வரி ஒரு லட்சத்து இருபதாயிரம். வட்டி வருஷத்துக்கு நூத்துக்குப் பதினெட்டு. அப்படின்னா ஒரு வருஷத்துக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு. ஆறு வருஷம் ஓடிப்போச்சு. ஒரு லட்சத்து இருபத்தொம்பதாயிரத்து அறுநூறு. பாத்தீங்களா, குட்டி தாயத் தாண்டிடுச்சு. அது போக அபராதம், சென்ட்ரலுக்கு பத்தாயிரம், ஸ்டேட்டுக்கு பத்தாயிரம். மொத்தம் ரெண்டு லட்சத்து அறுபத்தொம்பதாயிரத்து அறுநூறு. இந்தத் திட்டத்துல அவரு ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டினாப் போதும். மிச்சம் ஒரு லட்சத்து நாப்பத்தொம்பதாயிரத்து அறுநூறு விட்டுடுவாங்க. ஆனா அந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்துல நூறு ரூபா கொறஞ்சாலும் திட்டம் இல்ல. பாதி கட்டறேன், மிச்சம் தவணைல கட்டறேன்னு கேக்க முடியாது.

அடுத்து தேதி. ரெண்டு தேதி இருக்கு, மாத்திப் புரிஞ்சுக்காதீங்க. பணம் கட்ட 2025 மார்ச் 31. மனுப் போட 2025 ஜூன் 30. ஜூன் வரைக்கும்தான் டைம் இருக்கேன்னு பணத்த ஏப்ரல்ல கட்டினீங்கன்னா ஒரு ரூபா வட்டி கூடப் போகாது. மார்ச் 31 திங்கக்கெழம. ரம்ஜானும் அத ஒட்டித்தான் வருது. கணக்கு வருஷத்தோட கடைசி நாள் வேற. அன்னிக்கு சர்வர் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மார்ச் இருபதுக்குள்ள கட்டிடுங்க.

கட்டற எடம் ரொம்ப முக்கியம். சலான் போட்டு பணத்த அனுப்பிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. அது உங்க பர்ஸ்ல பணம் வெச்ச மாதிரிதான், கடங்காரருக்குக் குடுத்த மாதிரி ஆகாது. அந்த ஆர்டர் நம்பர எடுத்து, அது மேல கழிச்சுக் காட்டணும். அத யார் செய்யறாங்களோ, அவங்க செஞ்சதுக்கு அப்புறம் ஸ்கிரீன்ல வரி பாக்கி சைபர்னு காட்டச் சொல்லுங்க. காட்டாம காசு குடுக்காதீங்க.

கடைசியா ரெண்டு விஷயம். ஏற்கனவே வட்டி, அபராதம் கட்டிட்டவங்களுக்கு அது திரும்ப வராது. வயித்தெரிச்சல்தான், ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு. அப்புறம், லேட்டா ரிட்டர்ன் போட்டதுக்கு லேட் ஃபீன்னு ஒண்ணு வரும் பாருங்க, அது இதுல கழியாது.

தள்ளுபடி வாங்கித் தரேன், பாதிக்குப் பாதி முடிச்சுத் தரேன்னு யாராவது கையில ரொக்கம் கேட்டா குடுக்காதீங்க. வரி ஒரு ரூபா கொறையாதுன்னு ஆரம்பத்துலயே சொன்னேன்ல. கொறைக்கறேன்னு சொல்றவன் பொய் சொல்றான். கேள்வி இருந்தா கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன், தெரியாதத எழுதி வெச்சுக் கேட்டுச் சொல்றேன்.

---

பேச்சு அவ்வளவுதான். இனி எழுதுவது உங்களுக்கு. கேள்வி நேரத்தில் இவைதான் வரும்.

சலான் விஷயத்தைப் பேச்சில் அவ்வளவு அழுத்தியதற்குக் காரணம் உண்டு. வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மிக ஒழுங்காகப் பணத்தைக் கட்டிவிட்டு, சலானை லேமினேட் செய்துகொண்டு வந்தார். போர்ட்டலைத் திறந்தால் பணம் முழுதும் அவருடைய கேஷ் லெட்ஜரில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பாக்கி ஒரு பைசா குறையவில்லை. ஆர்டர் வந்தவர்கள் கட்ட வேண்டிய வழி `Services > Ledgers > Payment towards Demand`. அங்கே நிலுவையில் இருக்கும் ஆர்டர்கள் வரிசையாக வரும். நம் மாநிலத்து ஆர்டர் எண்கள் ZD33 என்று தொடங்கும், 33 என்பது தமிழ்நாட்டின் குறியீடு. உரிய எண்ணைத் தேர்ந்தெடுத்து, வரிப் பத்தியில் மட்டும் தொகையைப் போட்டுக் கழிக்க வேண்டும். வட்டிப் பத்தியில் தவறிப் போட்டுவிட்டால் அது வட்டி கட்டியதாகவே போய்விடும், வரிக்குத் திரும்பி வராது. பணமாகத்தான் கட்ட வேண்டும் என்றும் இல்லை. கிரெடிட் லெட்ஜரில் இருப்பு இருந்தால் அதிலிருந்தும் கழிக்கலாம். ரிவர்ஸ் சார்ஜ் வரி என்றால் ரொக்கம்தான்.

சிலர் ஏற்கனவே DRC-03 என்ற படிவத்தில் கட்டியிருப்பார்கள். அந்தப் பணம் வீணாகாது. ஆனால் அது எந்த ஆர்டருக்கு என்று போர்ட்டலுக்குத் தெரியாது. DRC-03A என்ற இன்னொரு படிவத்தில் பழைய DRC-03 எண்ணையும் ஆர்டர் எண்ணையும் கொடுத்து இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும். இது நடக்காமல் மனுப் போட்டால் பயனில்லை. இதிலும் ஒரு சிக்கல்: அந்த DRC-03இல் கட்டிய காரணம் `Voluntary` அல்லது `Others` என்று இருந்தால்தான் DRC-03A அதை எடுத்துக்கொள்ளும். எல்லாம் சரியாக விழுந்ததா என்று பார்க்க ஒரே இடம், Electronic Liability Registerஇன் இரண்டாம் பகுதி. பேச்சில் ‘ஸ்கிரீன்ல சைபர் காட்டச் சொல்லுங்க’ என்று எழுதியிருப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

மனு என்பது SPL-02 படிவம். `Services > User Services > My Applications` போய் 128ஏ தள்ளுபடியைத் தேர்ந்தெடுத்தால் வரும். SPL-01 என்று இன்னொன்றும் இருக்கிறது, அது நோட்டீஸ் மட்டும் வந்து ஆர்டர் வராதவர்களுக்கு. 2019-20ஆம் ஆண்டுக்கே 73இல் ஆர்டர் போடும் கெடு 2024 ஆகஸ்டோடு முடிந்துவிட்டதால், ஐகோர்ட் ஆர்டரை ரத்து செய்து திருப்பி அனுப்பிய சிலரைத் தவிர உங்கள் தெருவில் அது யாருக்கும் தேவைப்படாது.

இப்போது, பேச்சில் வேண்டுமென்றே விட்ட ஒன்று. கூட்டத்தில் சொன்னால் எல்லோரும் தனக்கும் பொருந்தும் என்று நினைத்துக் குறைவாகக் கட்டிவிடுவார்கள் என்பதால் விட்டேன். ஆனால் தனியாக வந்து ஆர்டரை நீட்டுகிறவரிடம் கட்டாயம் பார்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் இதில்தான் நிஜமாகவே வரி குறையும்.

அந்த எம்.சி. ரோடு கடையையே எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சத்து இருபதாயிரம் எப்படி வந்தது என்று ஆர்டரின் உள்ளே போய்ப் படித்தால் இரண்டு காரணம் இருக்கிறது. சரக்கு கொடுத்த மொத்த வியாபாரிகள் சிலர் தங்கள் ரிட்டர்னில் பில்லைக் காட்டாததால் GSTR-2Aவில் வராத கிரெடிட் 76,000 ரூபாய். மீதி 44,000 வேறு கதை. அந்தக் கடைக்காரர் 2019 பிப்ரவரி, மார்ச் மாத ரிட்டர்னை அந்த வருஷம் டிசம்பரில்தான் போட்டார். 2018-19க்கான கிரெடிட்டை 2019 அக்டோபர் 20க்குள் எடுத்திருக்க வேண்டும் என்பது பழைய கெடு, 16(4) பிரிவு. கெடு தாண்டிவிட்டது, கிரெடிட் கிடையாது என்று அதிகாரி 44,000ஐச் சேர்த்துவிட்டார். இந்தத் தள்ளுபடியைக் கொண்டு வந்த அதே திருத்தச் சட்டத்தில் 16(5) என்று ஒரு பிரிவு புதிதாக வந்திருக்கிறது. 2017-18 முதல் 2020-21 வரையிலான ஆண்டுகளுக்கு, 2021 நவம்பர் 30க்குள் போட்ட ரிட்டர்னில் எடுத்த கிரெடிட் செல்லும் என்கிறது அது. டிசம்பர் 2019 அந்தக் கெடுவுக்கு வெகு முன்னால். ஆக 44,000 அவர் கட்ட வேண்டியதே இல்லை. தள்ளுபடி விதியும் அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினால் போதும் என்கிறது. அவர் கையிலிருந்து போவது 76,000.

எச்சரிக்கை ஒன்று உண்டு. அந்த 44,000ஐ அதிகாரி மறுத்தது தாமதத்துக்காக மட்டும் என்றிருக்க வேண்டும். அதே பில்களை ‘தாமதம், அதோடு 2Aவிலும் இல்லை’ என்று இரண்டு காரணம் சொல்லி மறுத்திருந்தால் கழிக்க முடியாது. இது DRC-07இல் தெரியாது. அதோடு இணைத்திருக்கும் விரிவான ஆர்டரைப் படித்தால்தான் தெரியும். முழுக்க முழுக்கத் தாமதத்துக்காகவே ஆர்டர் வந்தவர்களுக்கு இந்தத் தள்ளுபடித் திட்டமே தேவையில்லை. ஆர்டரையே திருத்தச் சொல்லிப் போர்ட்டலில் மனுப் போடலாம். அதற்கு ஆறு மாத அவகாசம், 2024 அக்டோபர் 8ஆம் தேதி அறிவிக்கையிலிருந்து எண்ண வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வாரத்தோடு முடிகிறது. டெய்லரிங் யூனிட்காரர்களில் இப்படிப்பட்டவர்கள் உங்களுக்குக் கிடைப்பார்கள் என்று நினைக்கிறேன். சீசன் இல்லாத மாதத்தில் கையில் காசில்லாமல் மூன்று நான்கு மாத ரிட்டர்னைச் சேர்த்துப் போட்டவர்கள் அவர்கள்தான்.

அப்பீல் போட்டவர்கள் ‘நான் என்ன செய்யறது’ என்று கேட்பார்கள். இந்தத் திட்டத்துக்கு வர வேண்டுமானால் அப்பீலை வாபஸ் வாங்க வேண்டும். ஐகோர்ட்டில் ரிட் போட்டிருந்தால் அதையும். வாபஸ் உத்தரவு கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வாபஸ் கேட்டுப் போட்ட மனுவின் நகலை SPL-02உடன் இணைத்துவிட்டு, உத்தரவு வந்த ஒரு மாதத்துக்குள் அதைப் போர்ட்டலில் ஏற்றினால் போதும். அப்பீலுக்காக முன்பே கட்டிய பத்து சதவீதம் வரிக் கணக்கில் சேரும்.

ஆனால் ‘அப்பீலை வாபஸ் வாங்கிட்டு எல்லாரும் கட்டிடுங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திட்டத்தில் சேர்ந்து முடித்துவிட்டால் அந்த ஆர்டரைப் பற்றி மறுபடி வழக்காட முடியாது. எம்.சி. ரோடு கடைக்காரரின் 76,000த்தையே பாருங்கள். மொத்த வியாபாரி பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டாவிட்டாலும் வரியைக் கட்டியிருக்கலாம். 2017-18, 2018-19 ஆண்டுகளுக்கு, ஒரு சப்ளையரிடம் அந்த வருஷத்து வித்தியாசம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால், ‘வரியை நான் கட்டிவிட்டேன்’ என்று அந்த சப்ளையரே கொடுக்கும் சான்றிதழைத் துறை ஏற்கலாம் என்று 2022 டிசம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. அப்பீல் உயிரோடு இருந்து, சப்ளையரும் கடையை மூடாமல் இருந்து, சான்றிதழும் கொடுப்பார் என்றால் நான் போராடச் சொல்வேன். சப்ளையர் போன் எடுப்பதில்லை, அல்லது அப்பீல் போடும் கெடுவே போய்விட்டது என்றால் 76,000ஐக் கட்டி வட்டியை இறக்கிவைப்பதுதான் புத்திசாலித்தனம். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது ரகம்.

மனுப் போட்ட பிறகு அதிகாரி மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏற்றால் SPL-05 வரும். ஏதாவது குறை என்று நினைத்தால் முதலில் SPL-03 என்று நோட்டீஸ் அனுப்புவார், அதற்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இதுவும் போர்ட்டலில்தான் வரும். மனுவைப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். உரிய காலத்தில் அதிகாரி எந்த உத்தரவும் போடாவிட்டால் மனு ஏற்கப்பட்டதாகவே கணக்கு.

இன்னொன்று கேட்பார்கள்: “ரிட்டர்ன்ல நானே காட்டின வரிய லேட்டா கட்டினேன், அதுக்கு வட்டி கேக்கறாங்க, அது போகுமா?” போகாது. 73இல் அதிகாரி கண்டுபிடித்துக் கேட்ட வரிக்கு மேல் ஏறிய வட்டிக்குத்தான் இந்தத் திட்டம்.

கூட்டம் முடிந்ததும் மண்டப வாசலில் ஒரு மேசை போட்டு, லேப்டாப்போடு விவரம் தெரிந்த ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். ஒவ்வொருவரும் லாகின் செய்து `View Notices and Orders`, `View Additional Notices/Orders` இரண்டையும் திறந்து பார்க்கட்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ‘எனக்கு எதுவும் இல்லை’ என்று எழுந்து போகிறவர்கள் உண்டு, விடாதீர்கள். முதல் பத்து பேரில் மூன்று நான்கு பேருக்காவது லாகினே ஆகாது. பாஸ்வேர்டு மறந்திருக்கும். மாற்றப் போனால் ஓடிபி, ஆறு வருஷத்துக்கு முன்னால் கணக்கு எழுதிக்கொடுத்த பையனின் நம்பருக்குப் போகும். அவர் இப்போது எந்த ஊரிலோ. அப்படிப்பட்டவர்களின் பெயரைத் தனியாக ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் கடைப் பான் கார்டு, ஜிஎஸ்டி சான்றிதழ், ஆதாரோடு திங்கட்கிழமையே தங்கள் வட்ட அலுவலகத்துக்குப் போய், போர்ட்டலில் இருக்கும் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். மார்ச்சில் அந்த வரிசை நீளும்.